பனியன் கம்பெனியில் உள்ளகப் புகார் குழு: நியமன ஆணையில் இருந்து அறிக்கை வரை

திருப்பூரில் சில பின்னலாடை நிறுவனங்களில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். குழு அமைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் ஆடிட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு லெட்டர்ஹெட்டில் ஐந்து பெயரை அடித்து, சுவரில் ஒட்டிப் படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. அப்படி ஒட்டிய ஐந்து பேரில் இரண்டு பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புகார் வருகிற நாளில்தான் அவர்கள் சட்டத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் லைன் முழுக்க விஷயம் பரவியிருக்கும்.

அதனால் இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, வேலை நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். பேசுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டம், எல்லோரும் போஷ் சட்டம் என்று சொல்வது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை மட்டும்தான் இதில் வரும். சம்பளத் தகராறு, மேனேஜர் திட்டுவது, ஆண் தொழிலாளிக்கு நேரும் தொல்லை இவையெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வராது. அவற்றுக்கு நிறுவனம் தனியாக ஒரு விதிமுறை வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்வது நல்லதும்கூட, ஆனால் இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

யாரைப் போடுவது

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் குழு இருக்க வேண்டும். பத்து என்று எண்ணும்போது காண்ட்ராக்டர் அனுப்பிய ஹெல்பர், பயிற்சியில் இருக்கிற பெண், தினக்கூலி எல்லோரும் சேர்த்தி. கட்டிங் ஒரு இடத்திலும் தையல் வேறொரு இடத்திலும் இருந்தால் இரண்டு இடத்துக்கும் தனித்தனிக் குழு வேண்டும், தலைமை அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குழு அமைக்காமல் விட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் அதே தவறு என்றால் இரண்டு மடங்கு, உரிமம் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

குறைந்தது நான்கு பேர் வேண்டும். தலைவர் ஒரு பெண், அந்த இடத்தில் மூத்த பொறுப்பில் இருப்பவர். அப்படி யாரும் இல்லை என்றால் அதே முதலாளியின் வேறு கிளையில் இருந்து எடுக்கலாம். ஊழியர்களில் இருந்து குறைந்தது இரண்டு பேர். வெளியில் இருந்து ஒருவர், பெண்களுக்காக வேலை செய்கிற அமைப்பில் இருந்தோ, இந்த விஷயம் தெரிந்தவரோ. மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு.

நான் எப்போதும் ஆறு பேரைப் போடச் சொல்வேன். விசாரணைக்குத் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் உட்கார வேண்டும் என்பது விதி. நான்கு பேர் மட்டும் இருந்து, அதில் ஒருவர் பிரசவ விடுப்பில் போய், இன்னொருவர் புகாருக்கு உள்ளானவரின் மைத்துனர் என்று தெரிந்தால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். திருப்பூரில் ஒரு லைனுக்குள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் சேர்ந்து வேலை செய்வது சாதாரணம். உறவோ, அவருக்குக் கீழே வேலை செய்யும் நிலையோ இருந்தால் அந்த உறுப்பினர் அந்த வழக்கில் இருந்து விலக வேண்டும், விலகியதை எழுதி வைக்க வேண்டும். அதற்கு மேலே இரண்டு பேர் கையிருப்பில் இருந்தால்தான் முடியும்.

ஊழியர் உறுப்பினர்களில் ஒருவராவது தரையில் வேலை செய்கிறவராக இருக்கட்டும், செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ. முழுக்க ஆபீஸ் ஆட்களாகப் போட்டால் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்தக் கதவைத் தட்டவே மாட்டாள். முதலாளியின் மனைவியைத் தலைவராகப் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் முன்னால் சூப்பர்வைசரைப் பற்றிப் பேசுவது முதலாளியிடம் பேசுவதுதான்.

வெளி உறுப்பினரைத் தேடும்போது கம்பெனிக்கு ஏற்கெனவே வேலை பார்க்கிற வக்கீலையும் ஆடிட்டரையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு, சமூகப்பணித் துறை இருக்கும் கல்லூரி, தொழிலாளர் சட்டம் தெரிந்த தனி வழக்கறிஞர் இவர்களிடம் கேட்கலாம். விதிப்படி விசாரணை நாளுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும் தர வேண்டும். நடைமுறையில் பேசி இதைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள். எதைத் தந்தாலும் வழக்கின் முடிவோடு தொடர்பில்லாத தொகையாக முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “முதலாளியின் அண்ணன் மகன் மேல் புகார் வந்தால் என்ன செய்வீர்கள்?” தயங்குகிறவர் வேண்டாம். முதலாளி மேலேயே புகார் என்றால் அது உங்கள் குழுவுக்கு வராது, மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் குழுவுக்குப் போக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களின் புகாரும் அங்கேதான். இது குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் கேட்டு வருகிற பெண் உங்களிடம்தான் வருவாள்.

நியமன ஆணையில் பெயர், பொறுப்பு, தொலைபேசி எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். கூடவே ஒவ்வொருவரிடமும் ஓர் உறுதிமொழி வாங்குங்கள். நான் பயன்படுத்துவது இது:

> குழுவின் முன் வரும் புகார், புகார் தந்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் பெயர் விவரங்கள், விசாரணையில் கேட்டவை, குழுவின் பரிந்துரை ஆகியவற்றைக் குழுவுக்கு வெளியே யாரிடமும், வீட்டாரிடமும் நிர்வாகத்திடமும்கூட, சட்டம் சொல்லும் முறையில் அல்லாமல் வெளியிட மாட்டேன். பொறுப்பில் இருந்து விலகிய பிறகும் இது பொருந்தும்.

“வீட்டாரிடமும்” என்ற சொல்லை நான் பின்னால் சேர்த்தேன். ஒரு இடத்தில் உறுப்பினரின் கணவர் அதே கம்பெனியில் டெய்லர். அங்கிருந்துதான் விஷயம் கசிந்தது.

ஆணையை ஒட்டும் இடமும் முக்கியம். ஆபீஸ் வரவேற்பறையில் ஒட்டினால் தொழிலாளி பார்க்க மாட்டார். கேன்டீன், பெண்கள் ஓய்வறை, ஹாஸ்டல் இருந்தால் அங்கேயும் ஒட்டுங்கள். ஒடிசா, பீகார் பெண்கள் இருக்கிற யூனிட் என்றால் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டுங்கள். பெயருக்குப் பக்கத்தில் படமும் இருந்தால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் யாரிடம் போவது என்று தெரியும்.

ரகசியம் எங்கே உடைகிறது

சட்டத்தில் ரகசியம் பற்றி இருப்பது ஒரு பிரிவுதான். மீறிய உறுப்பினரிடமோ ஊழியரிடமோ நிறுவனம் 5,000 ரூபாய் வசூலிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, வேண்டுமென்றே யாரும் கசியவிடுவதில்லை. கம்பெனி நடக்கிற பழக்கமே கசியவிடுகிறது.

முதல் இடம் மைக். பனியன் கம்பெனியில் யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் மைக்கில் பெயரைச் சொல்வார்கள். “செக்கிங் செக்‌ஷன் இன்னார், உடனே ஹெச்.ஆர். ஆபீஸுக்கு வரவும்.” காலை பத்தரைக்கு ஒரு பெண் பெயர், பதினொன்றுக்கு அவளுடைய சூப்பர்வைசர் பெயர், பதினொன்றரைக்குப் பக்கத்து டேபிள் பெண் பெயர். மதியச் சாப்பாட்டுக்குள் யூனிட்டில் இருக்கிற எல்லோருக்கும் கதை முழுசாகத் தெரிந்துவிடும். யாரும் எதுவும் சொல்லாமலேயே.

அதனால் விசாரணையைத் தொழிற்சாலைக்குள் வைக்காதீர்கள். வேறு யூனிட்டின் பயிற்சி அறை, வெளி உறுப்பினரின் அலுவலகம், எங்கேயாவது ஓர் இடம். ஒரே நாளில் இரண்டு தரப்பையும் கூப்பிடாதீர்கள், படிக்கட்டில் சந்தித்துக்கொள்வார்கள். அழைப்பை ஒவ்வொருவருக்கும் நேரில், கவரில், ஓர் உறுப்பினர் கையால் கொடுங்கள். விசாரணைக்கு வந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் முன்பே எழுதி வாங்குங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த வாரச் சராசரியைக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்சி சொல்ல ஒருவரும் வர மாட்டார்கள். அந்தத் தொகையைச் சம்பளச் சீட்டில் “விசாரணை” என்று போட்டு வைக்காமல் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் ஜெராக்ஸ் மிஷின். விதிப்படி புகார் தருகிறவர் ஆறு பிரதி கொடுக்க வேண்டும். மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் ஆறு பிரதி எடுக்க எங்கே போவாள்? தெருமுனைக் கடைக்குத்தான், அங்கே கடைக்காரர் படித்துவிடுவார். ஒரே ஒரு தாளை வாங்கிக்கொண்டு, மீதிப் பிரதிகளைக் குழுவே எடுத்துவிடுங்கள், அதுவும் அக்கவுண்ட்ஸ் மிஷினில் கொடுத்துவிட்டு வராமல், பக்கத்தில் நின்று. வாட்ஸாப்பில் புகாரைப் படம் எடுத்து உறுப்பினர்களுக்கு அனுப்பும் பழக்கத்தை முதல் கூட்டத்திலேயே தடை செய்யுங்கள். போனில் வந்த படம் தானாக கேலரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வீட்டில் குழந்தை அதே போனில் விளையாடும்.

பதிவேட்டில் பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் போதும். எந்த எண் யாருடையது என்ற தாள் தனிக் கவரில், தலைவரிடம் இருக்கும் பீரோவில். சாவி இரண்டு, ஒன்று தலைவரிடம், இன்னொன்று வெளி உறுப்பினரிடம்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர். ஒடியா பேசுகிற பெண்ணின் புகாரைக் கேட்க, அதே ஹாஸ்டலில் இருக்கும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிடுவார்கள், அவருக்குத்தான் இரண்டு மொழியும் தெரியும் என்று. வெளியாளைப் பிடியுங்கள், அவரிடமும் அதே உறுதிமொழியை வாங்குங்கள்.

ஒரு புகார், நாள் வாரியாக

இனி வருவது பல வழக்குகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியது. நாட்களைக் கவனியுங்கள், பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது நாள் கணக்கில்தான்.

நூற்றி நாற்பது பேர் வேலை செய்கிற யூனிட். காண்ட்ராக்டர் மூலம் வந்த செக்கிங் பெண் ஒருவர் மார்ச் 4, திங்கட்கிழமை, குழுவில் இருந்த பேக்கிங் அக்காவிடம் வந்து சொன்னார். ஜனவரி கடைசியில் ஓர் இரவு ஓவர்டைமில் லைன் சூப்பர்வைசர் டேபிளுக்குப் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் அதே போல. ஞாயிற்றுக்கிழமை வெளியே வரச் சொல்லி போனில் செய்திகள். மறுத்த பிறகு மூன்று வாரமாக ஓவர்டைம் தரவில்லை.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து எண்ணலாம். காரணம் சரியாக இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், அந்தக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. காண்ட்ராக்டர் ஆள் என்பதால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஹெச்.ஆர். முதலில் சொன்னார், அது தவறு. அந்த இடத்தில் வேலை செய்கிற எந்தப் பெண்ணும், வந்துபோகிற பெண்ணும்கூடப் புகார் தரலாம்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். அவருக்கு எழுத வராது என்றால் எழுதித் தருவது குழுவின் கடமை. இந்த இடத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். எழுதுகிறவர் கூச்சப்பட்டு, “இடுப்பில் கை வைத்தார்” என்று அவர் சொன்னதை “தகாத முறையில் நடந்துகொண்டார்” என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியோடு வழக்கு பாதி போய்விடும், எதற்குப் பதில் சொல்வது என்று எதிர்த் தரப்புக்கும் தெரியாது, எதை விசாரிப்பது என்று குழுவுக்கும் தெரியாது. அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த டேபிள், பக்கத்தில் யார், என்ன செய்தார், என்ன சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை சாட்சியங்களைப் பத்திரப்படுத்துவது. சிசிடிவி பதிவு இத்தனை நாளில் தானாக அழிந்து புதிது ஏறும் என்று ஒவ்வொரு மிஷினிலும் ஒரு கணக்கு உண்டு, பல இடங்களில் அது ஒரு மாதம்கூட இருக்காது. இந்த வழக்கில் ஜனவரிப் பதிவு ஏற்கெனவே போய்விட்டது, பிப்ரவரிப் பதிவு இரண்டு நாளில் போக இருந்தது. தலைவர் அன்று மாலையே பிப்ரவரி மாதம் முழுவதையும் பிரதி எடுத்துத் தரும்படி ஒரு வரிக் கடிதம் கொடுத்தார். எந்த நாள் என்று குறிப்பிடாமல் மாதம் முழுவதையும் கேட்டதால், கேமரா பார்க்கிறவருக்கு எதைத் தேடுகிறார்கள் என்று தெரியவில்லை. அதே போல ஓவர்டைம் பதிவேடு, கேட் பதிவேடு, ஷிப்ட் பட்டியல். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் ஆட்களை அழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கும் உண்டு. போன் செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டோடு விட்டுவிடாமல், அவர் போனிலேயே உறுப்பினர்கள் பார்த்து, எந்த எண்ணில் இருந்து வந்தது என்று குறித்து வையுங்கள்.

இடைக்கால நிவாரணத்தைப் பற்றிப் பல பெண்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால் அன்றே சொல்லிவிடுங்கள். அவர் எழுத்தில் கேட்டால், அவரையோ எதிர்த் தரப்பையோ இடம் மாற்றவும், அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம், அந்த விடுப்பு வழக்கமான விடுப்பில் கழியாது. நிர்வாகம் உடனே சொல்வது, “அந்தப் பெண்ணை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிடலாம், அவருக்கும் பாதுகாப்பு.” அவருடைய பஸ், பிள்ளையின் பள்ளி நேரம், பழகிய டேபிள் எல்லாம் போய்விடும், பார்க்கிறவர்களுக்குத் தண்டனை வாங்கியவர் அவர் என்று தெரியும். அவரிடம் கேளுங்கள். இவர் கேட்டது சூப்பர்வைசரை வேறு லைனுக்கு மாற்றுவதும், தன் வருகைப் பதிவிலும் ஓவர்டைமிலும் அவர் கையெழுத்துப் போடாமல் இருப்பதும். அதுவே பரிந்துரையாகப் போனது. கூடவே, வேண்டுமானால் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், அதற்கு நிறுவனம் உதவ வேண்டும் என்பதையும் சொன்னோம். இப்போதைக்கு வேண்டாம் என்றார், அதையும் குறித்தோம்.

சமரசம் வேண்டுமா என்று குழு தானாகக் கேட்கக் கூடாது. பெண் கேட்டால் மட்டும், விசாரணை தொடங்கும் முன், அதுவும் பணம் கைமாறாமல். “பத்தாயிரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடம்மா” என்று நடுவில் யாராவது பேசினால் அது சமரசம் ஆகாது, சட்டமே அதைத் தடுக்கிறது.

அடுத்து, எதிர்த் தரப்பு. புகார் கிடைத்து 7 வேலை நாளுக்குள் புகாரின் பிரதி அவருக்குப் போக வேண்டும். மார்ச் 7 அன்று கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். அவருக்குப் பதில் தர 10 வேலை நாள். ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் மார்ச் 19. எடுத்துக்கொடுத்த பிரதியில் பெண்ணின் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் மறைத்தோம், ஆனால் குற்றச்சாட்டில் ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. தன் மேல் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று முழுசாகத் தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்? செய்திகளின் பிரதியும் சேர்த்தே போனது.

அவர் 18-ஆம் தேதி பதில் தந்தார். செய்திகள் விளையாட்டுக்கு அனுப்பியது, ஜனவரிச் சம்பவம் நடந்த இரவு தான் வேறு யூனிட்டில் இருந்தேன், ஓவர்டைம் எல்லோருக்கும்தான் குறைந்தது. மூன்று சாட்சிப் பெயர் கொடுத்தார். இரண்டு தரப்புக்கும் வக்கீல் வரக் கூடாது, இதை முதல் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் பக்கம் யாராவது கறுப்புக் கோட்டோடு வந்து உட்காருவார்.

கேட்கும் முறை

முதலில் புகார் தந்தவர், பிறகு அவர் சாட்சிகள், பிறகு எதிர்த் தரப்பு, பிறகு அவர் சாட்சிகள். ஒருவர் பேசும்போது மற்றவர் அறையில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொடுத்து மறுக்க வாய்ப்புத் தர வேண்டும். குறுக்கு விசாரணையை நேருக்கு நேர் வைக்காதீர்கள். கேள்விகளை எழுதித் தரச் சொல்லித் தலைவர் கேட்கலாம். சூப்பர்வைசர் பதினான்கு கேள்வி எழுதித் தந்தார். அதில் நான்கு, அந்தப் பெண் முன்பு வேலை செய்த இடத்தில் யாரோடு பழகினார் என்பது பற்றியது. அந்த நான்கையும் நீக்கி, ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுதி, மீதிப் பத்தையும் ஒன்றுவிடாமல் கேட்டோம். கேட்காமல் விட்டிருந்தால் மேல்முறையீட்டில் அது ஒன்றே போதும்.

சாட்சியே இல்லாத சம்பவம் நிரூபணம் ஆகாது என்று உறுப்பினர்கள் பலர் நினைக்கிறார்கள். இது கிரிமினல் வழக்கு இல்லை. கிடைத்த ஆதாரங்களைச் சேர்த்துப் பார்த்தால் நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காமல் இருக்க வாய்ப்பு அதிகமா என்பதுதான் அளவுகோல். இந்த வழக்கில் கேட் பதிவேட்டைப் பார்த்தோம். ஜனவரியில் அந்த இரவு சூப்பர்வைசர் உண்மையிலேயே மற்ற யூனிட்டுக்குப் போயிருந்தார், திரும்பி வந்த பதிவு அந்தப் பெண் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். பெண்ணிடம் மறுபடியும் கேட்டோம், நாள் சரியாக நினைவில்லை என்றார். பிப்ரவரிச் சம்பவத்துக்குக் கேமராவில் அவர் அந்த டேபிளுக்குப் பின்னால் வந்து நிற்பதும், பெண் சட்டென்று நகர்வதும் தெரிந்தது, கை தெரியவில்லை. அன்று இரவே அந்தப் பெண் தன் தோழிக்கு அழுதுகொண்டே அனுப்பிய குரல் செய்தி இருந்தது. ஓவர்டைம் பதிவேட்டில் அந்த மூன்று வாரத்தில் அந்த லைனில் மற்ற பதினோரு பேருக்கும் ஓவர்டைம் இருந்தது, இவர் ஒருவருக்குத்தான் இல்லை.

கூப்பிட்டும் எதிர்த் தரப்பு வரவில்லை என்றால் என்ன செய்வது? தொடர்ந்து மூன்று விசாரணைக்குக் காரணம் இல்லாமல் வராவிட்டால்தான் ஒருதலையாக முடிக்கலாம், அதற்கும் முன்னால் 15 நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். அவசரப்படாதீர்கள். 2023 மே மாதம் கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வழக்கில், கடைசிக் கட்டத்தில் விசாரணையை அவசர அவசரமாக நடத்தி, தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை ரத்து செய்து, விட்ட இடத்தில் இருந்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. புகார்கள் வந்தது 2009-இல். பதினான்கு வருடம் கழித்துப் புகார் கொடுத்த மாணவிகள் மறுபடியும் அதே கேள்விகளுக்கு முன்னால் நிற்க வேண்டிய நிலை. எதிர்த் தரப்புக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுப்பது அந்தப் பெண்ணுக்கு எதிரானது என்று நினைக்கும் உறுப்பினர்களிடம் நான் இந்த வழக்கைத்தான் சொல்கிறேன்.

அதே சமயம் விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். புகார் கைக்கு வந்த நாளில் இருந்து எண்ணுவதே பாதுகாப்பு. மார்ச் 4-இல் இருந்து எண்ணினால் ஜூன் 2. முதல் கூட்டத்திலேயே காலண்டரை வைத்து எல்லாத் தேதிகளையும் குறித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் சமயம் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்போது சாட்சி கிடைக்காது.

அறிக்கை

பலரும் தவறவிடுகிற ஒரு படி இருக்கிறது. இரண்டு தரப்பும் ஊழியர்கள் என்றால், குழு தன் கண்டறிதல்களை இரண்டு பேருக்கும் கொடுத்து, மறுப்பு இருந்தால் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகுதான் இறுதி செய்ய வேண்டும். நாங்கள் ஏப்ரல் 29 அன்று கொடுத்து ஒரு வாரம் தந்தோம். மே 6-இல் விசாரணையை முடித்து, 10 நாளுக்குள் தர வேண்டிய அறிக்கையை மே 14 அன்று நிர்வாகத்துக்கும் இரண்டு தரப்புக்கும் கொடுத்தோம்.

அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியாக எடுத்து, என்ன ஆதாரம், அதை ஏன் ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். இங்கே பிப்ரவரிச் சம்பவமும் செய்திகளும் ஓவர்டைம் மறுப்பும் நிரூபணம், ஜனவரிச் சம்பவம் நிரூபணம் ஆகவில்லை. உடனே சூப்பர்வைசர் தரப்பு, பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்கக் கேட்டது. நிரூபிக்க முடியாமல் போவது பொய்ப் புகார் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னார் என்று தனியாக விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். அறிக்கையில் இதற்கு ஒரு பத்தியே எழுதினோம், ஜனவரி விஷயத்தில் நாள் தவறியதற்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி.

பரிந்துரையாக, நிலையாணைப்படி இந்த ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்துவது, சூப்பர்வைசர் பொறுப்பில் இருந்து மாற்றுவது, பெண் இழந்த ஓவர்டைம் தொகையும் அவர் மனவேதனைக்கு ஒரு தொகையும் சூப்பர்வைசரின் சம்பளத்தில் இருந்து பிடித்துத் தருவது. நிர்வாகம் 60 நாளுக்குள் செயல்பட வேண்டும், அதாவது ஜூலை 13-க்குள். பரிந்துரையில் திருப்தி இல்லாத எவரும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதை இரண்டு பேருக்கும் எழுத்தில் சொன்னோம்.

அறிக்கை கொடுத்ததும் குழுவின் விசாரணை வேலை முடிந்துவிடும், ஆனால் தொல்லை பெரும்பாலும் அதன் பிறகுதான் வேறு உருவில் வரும். டேபிளில் கடினமான பீஸாக வருவது, பாத்ரூம் போனால் நேரம் குறிப்பது, காண்ட்ராக்டரே நாளையில் இருந்து வர வேண்டாம் என்பது. அந்தப் பெண்ணின் ஓவர்டைமையும் வருகைப் பதிவையும் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைப் பேக்கிங் அக்காவிடம் கொடுத்தோம். மூன்றாவது மாதம் அவர் பார்த்தபோது காண்ட்ராக்டரின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினோம், அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடியும் வேலைக்கு வந்தார்.

கோப்பைச் சீல் வைத்துப் பீரோவில் வைத்தோம். காலண்டர் ஆண்டு முடிந்ததும் நிறுவனத்துக்கும் மாவட்ட அலுவலருக்கும் ஆண்டறிக்கை போக வேண்டும். உங்கள் ஊரில் யாருக்கு அனுப்புவது என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வந்த புகார் எத்தனை, முடிந்தது எத்தனை, 90 நாளுக்கு மேல் நிற்பது எத்தனை, நடத்திய பயிற்சி எத்தனை, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பது மட்டும்தான் அதில். அந்த ஆண்டு எங்கள் அறிக்கையில் வந்தது 1, முடிந்தது 1. யாருடைய பெயரும் அதில் இல்லை.